ஊசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மூன்று எண்கள்

பரணிலிருந்து தாத்தாவின் இளையராஜா எல்.பி. தட்டுகளை இறக்கித் தூசு தட்டியாயிற்று. நல்ல டர்ன்டேபிள் ஒன்றும் வாங்கியாயிற்று. அதன் வயரை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் காலியாக இருந்த 'ஆக்ஸ்' துளையில் செருகி, ஊசியைத் தட்டில் இறக்குகிறார்கள். பாட்டு வருகிறது. ஆனால் எங்கோ தூரத்தில் யாரோ தகர டப்பாவுக்குள் நின்று பாடுவதுபோல் வருகிறது. வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் தபேலாவின் 'தும்' கேட்கவில்லை. சிம்பலின் 'சிஸ்' மட்டும் காதைக் கிழிக்கிறது. தட்டு தேய்ந்துவிட்டது என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

தட்டில் குற்றமில்லை. தட்டுக்குள் பாட்டு அப்படித்தான் பதிந்திருக்கிறது. அடித்த ஒலியை, அதாவது பேஸை, குறைத்தும் உச்ச ஒலியான ட்ரெபிளைக் கூட்டியும்தான் ஒவ்வொரு எல்.பி.யும் வெட்டப்படுகிறது. அதைத் தலைகீழாகத் திருப்பி நேராக்கும் வேலை ஃபோனோ ப்ரீ-ஆம்ப்ளிஃபயருடையது. அந்தப் பெட்டிக்குள் இரண்டு ரெசிஸ்டரும் இரண்டு கெபாசிட்டரும் சேர்ந்து அதைச் செய்கின்றன. நான்கே உதிரிகள்தான். ஆனால் அவற்றின் அளவுகளை ஒன்றோடொன்று பொருந்தக் கணக்கிடுவதில் அச்சிலேறிய பல சர்க்யூட்டுகளே தவறியிருக்கின்றன.

தட்டில் இடம் போதவில்லை

கதை தொடங்குவது தட்டின் பள்ளத்தில். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது வெளியோரத்தில் தொடங்கி உள்ளே சுருண்டு போகும் ஒரே பள்ளம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடவேண்டுமென்றால் 730-க்கும் மேற்பட்ட சுற்றுகள் வேண்டும். வெளிச்சுற்றுக்கும் உள்சுற்றுக்கும் இடையே கிடைக்கும் அகலமோ சுமார் 86 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 117 மைக்ரான் வரும். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. பள்ளத்தின் அகலமும் அது பக்கவாட்டில் நெளிவதற்கான இடமும் அதற்குள்தான் அடங்கியாக வேண்டும்.

இனி ஊசியின் ஓட்டத்தைப் பார்க்கலாம். காந்த வகைக் கார்ட்ரிட்ஜில் ஊசி எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை வைத்து மின்னழுத்தம் பிறப்பதில்லை. எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதுதான் கணக்கு. சைக்கிள் டைனமோவை வேகமாகச் சுற்றினால் விளக்கு பிரகாசமாக எரிவதுபோல. ஆகவே தாழ்ந்த ஸ்வரமும் உயர்ந்த ஸ்வரமும் ஒரே அளவு மின்னழுத்தம் தரவேண்டுமானால் இரண்டிலும் ஊசியின் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலிக்கு, அதாவது 1000 ஹெர்ட்ஸுக்கு, ஊசியின் உச்ச வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஊசி நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் நகரும் தூரம் 8 மைக்ரான்தான். அதே வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்தால் ஊசி ஒவ்வொரு திசையிலும் 159 மைக்ரான் போய் வரவேண்டும். அதிர்வு மெதுவாகிவிட்டதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதிக நேரம் கிடைக்கிறது. அந்த நேரம் முழுக்க அதே வேகத்தில் ஓடினால் தூரம் நீளத்தானே செய்யும்? பக்கத்துச் சுற்று இருப்பதோ 117 மைக்ரான் தள்ளி. ஒரு மிருதங்க அடியிலேயே பள்ளம் பக்கத்துப் பள்ளத்தை வெட்டிக்கொண்டு போய்விடும்.

மேல் முனையில் தலைகீழான தொல்லை. அதே வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் நெளிவு 0.8 மைக்ரான்தான். தட்டின் பிளாஸ்டிக்கில் இயல்பாகவே உள்ள சொரசொரப்பும் அதில் படியும் தூசியும் இந்த நுண்ணிய நெளிவோடு போட்டி போடுகின்றன. அவைதான் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலாக நம் காதுக்கு வருகின்றன.

இரண்டு தொல்லைகளுக்கும் சேர்த்து ஒரே உபாயம் கண்டார்கள். வெட்டும்போது பேஸைக் குறைத்துவிடு, இடம் மிச்சமாகும். ட்ரெபிளைக் கூட்டிவிடு, இரைச்சலுக்கு மேலே நிற்கும். கேட்கும்போது பேஸைத் தூக்கி ட்ரெபிளை இறக்கினால் பாட்டு பழையபடி சமமாகிவிடும். ட்ரெபிளை இறக்கும்போது தட்டின் இரைச்சலும் கூடவே இறங்குவது இதில் கிடைக்கும் கொசுறு லாபம்.

கம்பெனிக்கு ஒரு வளைவு

எவ்வளவு குறைப்பது, எந்த அதிர்வெண்ணில் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு வழி இருந்தது. 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யை அறிமுகப்படுத்தியபோது தனக்கென்று ஒரு வளைவை வைத்துக்கொண்டது. ஆர்.சி.ஏ. விக்டருக்கு வேறொன்று, பிரிட்டனின் டெக்காவுக்கு இன்னொன்று. அமெரிக்க ஒலிப்பொறியாளர் சங்கமும் 1951-ல் தன் பங்குக்கு ஒன்றைப் பரிந்துரைத்தது. அந்தக் காலத்து உயர்தர ப்ரீ-ஆம்ப்ளிஃபயர்களின் முகப்பில் கம்பெனிப் பெயர்கள் பொறித்த தேர்வுக்குமிழ் இருந்ததற்குக் காரணம் இதுதான். தட்டின் லேபிளைப் பார்த்துவிட்டுக் குமிழைத் திருப்ப வேண்டும்.

1954-ல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ., ஆர்.சி.ஏ. விக்டர் ஏற்கனவே பயன்படுத்தி வந்த வளைவையே பொது அளவாக ஏற்றுக்கொண்டது. மெல்ல மெல்ல உலகமே அதற்கு வந்து சேர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் புதிய எல்.பி.யும் அந்த வளைவில்தான் வெட்டப்படுகிறது.

அந்த வளைவு முழுவதையும் மூன்றே எண்களில் எழுதிவிடலாம்: 3180, 318, 75. மூன்றும் மைக்ரோ நொடிகள். இவற்றுக்கு நேர மாறிலிகள் என்று பெயர்.

வளைவை நேரத்தால் குறிப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஒரு குழாயையும் அதன் அடியில் ஒரு குடத்தையும் நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். குழாய் ரெசிஸ்டர், குடம் கெபாசிட்டர். குழாய் குறுகலாக இருந்தாலும் குடம் பெரிதாக இருந்தாலும் நிரம்ப நேரமாகும். ரெசிஸ்டரின் அளவையும் கெபாசிட்டரின் அளவையும் பெருக்கினால் வருவது அந்த நேரம். இந்த நேரத்தைவிட மிக மெதுவாக மாறும் ஒலிக்குக் கெபாசிட்டர் மூடிய கதவு. மிக வேகமாக மாறும் ஒலிக்குத் திறந்த கதவு. நடுவில் எந்த அதிர்வெண்ணில் கதவு திறக்கத் தொடங்குகிறது என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. 1,59,155 என்ற எண்ணை மைக்ரோ நொடிகளால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைத்துவிடும்.

அப்படி வகுத்தால் 3180-க்கு 50 ஹெர்ட்ஸ், 318-க்கு 500 ஹெர்ட்ஸ், 75-க்கு 2122 ஹெர்ட்ஸ். கேட்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் வளைவின் கதை இதுதான்: 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முழு உயரத்தில் சமமாக நிற்கிறது. அங்கிருந்து சரியத் தொடங்கி 500 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு திண்ணைக்கு வந்து சேர்கிறது. 2122 ஹெர்ட்ஸில் திண்ணை முடிந்து மறுபடியும் சரிவு. பிறகு அதிர்வெண் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி பாதியாகிக்கொண்டே போகிறது. மூலைகள் மூன்றும் மழுங்கலானவை என்பதால் காகிதத்தில் வரைந்தால் படிக்கட்டாகத் தெரியாது, தேய்ந்துபோன படிக்கட்டாகத் தெரியும்.

1000 ஹெர்ட்ஸைப் பூஜ்யமாக வைத்து டெசிபலில் சொன்னால் ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் தரவேண்டிய ஏற்ற இறக்கம் இது:

- 20 ஹெர்ட்ஸ்: +19.3
- 50 ஹெர்ட்ஸ்: +16.9
- 100 ஹெர்ட்ஸ்: +13.1
- 500 ஹெர்ட்ஸ்: +2.6
- 1000 ஹெர்ட்ஸ்: 0
- 5000 ஹெர்ட்ஸ்: −8.2
- 10,000 ஹெர்ட்ஸ்: −13.7
- 20,000 ஹெர்ட்ஸ்: −19.6

6 டெசிபல் என்றால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு. ஆகவே நடுஸ்தாயியோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஒன்பது மடங்குக்கு மேல் தூக்கவும், 20,000 ஹெர்ட்ஸை ஏறக்குறைய அதே விகிதத்தில் இறக்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே வித்தியாசம் கிட்டத்தட்ட 39 டெசிபல். வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பேஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருகி இதைச் சரிக்கட்ட முடியாததற்குக் காரணம் அதுதான். அவற்றின் எல்லை பெரும்பாலும் 10 டெசிபல் அளவில் முடிந்துவிடும்.

நான்கு உதிரிகளின் கூட்டுக்குடும்பம்

இப்போது பெட்டியைத் திறக்கலாம். இன்றைய ப்ரீ-ஆம்ப்ளிஃபயர்களில் பரவலாக உள்ள அமைப்பில் நடுவே ஓர் ஆப்-ஆம்ப் சில்லு இருக்கும். அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பி வரும் பாதையில் நம் நான்கு உதிரிகள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பாதையின் தடை எவ்வளவோ அவ்வளவு பெருக்கம். தடை கூடினால் ஒலி கூடும், குறைந்தால் குறையும். எனவே தாழ்ந்த ஒலிக்குப் பெரிய தடையாகவும் உயர்ந்த ஒலிக்குச் சிறிய தடையாகவும் தெரியும் ஒரு பாதையை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது.

உதிரிகள் இரண்டு ஜோடிகளாக நிற்கின்றன. முதல் ஜோடி R1, C1, ஒன்றுக்கொன்று இணையாக. இரண்டாவது ஜோடி R2, C2; அதுவும் அப்படியே. இரண்டு ஜோடிகளும் ரயில் பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன.

மிகத் தாழ்ந்த ஒலி வரும்போது இரண்டு கெபாசிட்டர்களும் மூடிய கதவுகள். மின்னோட்டம் R1, R2 இரண்டையும் தாண்டியாக வேண்டும். தடை முழுசாக இருக்கிறது. 50 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் C1 திறக்கத் தொடங்கி R1-ஐ ஓரங்கட்டுகிறது, ஒலி சரிகிறது. 500-க்குப் பிறகு R2-வின் கை ஓங்குகிறது, அதுதான் திண்ணை. 2122-ல் C2-வும் திறந்து R2-வையும் ஓரங்கட்ட, இரண்டாவது சரிவு தொடங்குகிறது.

இதில் 3180-ஐ அமைப்பது முதல் ஜோடியின் சொந்தப் பொறுப்பு: R1-ஐ C1-ஆல் பெருக்கினால் 3180 வரவேண்டும். 75 இரண்டாவது ஜோடியின் பொறுப்பு: R2 பெருக்கல் C2. நடுவில் உள்ள 318-க்குத்தான் தனி உரிமையாளர் இல்லை. அது இரண்டு ஜோடிகளும் சேர்ந்து உண்டாக்கும் எண்:

```
T2 = (R1 × 75 + R2 × 3180) / (R1 + R2) = 318
```

75-க்கும் 3180-க்கும் இடையே எடை போட்டு எடுத்த சராசரி இது. R1 எவ்வளவு பெரிதோ அவ்வளவு 75-ன் பக்கம் சாயும். R2 பெரிதானால் 3180-ன் பக்கம். சராசரி 318-ல் நிற்க வேண்டுமானால் R1, R2-வைப்போல 11.78 மடங்கு இருக்க வேண்டும். அதிலிருந்து C1, C2-வைப்போல 3.6 மடங்கு என்பதும் தானாக வந்துவிடும்.

விகிதம் தெரிந்தபிறகு மீதி எளிது. C2-வை 10 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 75 மைக்ரோ நொடி வர R2 7.5 கிலோ ஓம். 11.78-ஆல் பெருக்கினால் R1 88.3 கிலோ ஓம். C2-வை 3.6-ஆல் பெருக்கினால் C1 36 நானோஃபாரட். சரிபார்த்துவிடலாம்: 88.3 கிலோ ஓமையும் 36 நானோஃபாரடையும் பெருக்கினால் 3180 வருகிறது. மூன்று எண்களும் நான்கு உதிரிகளில் குடிவந்துவிட்டன.

குறுக்குவழிக்கு விலை

பல சர்க்யூட்டுகள் சறுக்கியது அந்த நடு எண்ணில்தான். 3180-க்கு ஒரு ஜோடி, 75-க்கு ஒரு ஜோடி இருக்கிறதே, 318-க்கும் ஒரு ஜோடி இருக்கத்தானே வேண்டும் என்று நினைப்பது இயல்பு. R2-வும் C1-உம் சேர்ந்து அந்த வேலையைச் செய்வதுபோல் மேலோட்டமாகத் தோன்றவும் செய்யும். அப்படி R2 பெருக்கல் C1 318 என்று வைத்துக் கணக்கிட்டால் R1 பத்து மடங்கு R2 என்ற அழகான முழு எண் கிடைக்கிறது. அழகுதான், ஆனால் தவறு. மேலே உள்ள சூத்திரத்தில் பத்து மடங்கைப் போட்டுப் பார்த்தால் சராசரி 318-ல் நிற்காமல் 357-க்குப் போய்விடுகிறது. 500 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய மூலை 445-க்கு நகர்ந்துவிடுகிறது. சரியான கணக்கில் R2-வையும் C1-ஐயும் பெருக்கினால் 270தான் வருகிறது. அந்தப் பெருக்கலுக்கும் 318-க்கும் நேரடி உறவே இல்லை.

காதுக்கு இதன் விளைவு என்ன? 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் பேஸ் முழுவதும் 0.8 டெசிபல் இறங்கிவிடுகிறது, ட்ரெபிள் 0.2 டெசிபல் ஏறுகிறது. மொத்தம் ஒரு டெசிபல் சாய்வு. ஒரே ஒரு ஸ்வரத்தில் ஒரு டெசிபல் பிழையென்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் இது ஒலிவரிசையின் கீழ்ப்பாதி முழுவதையும் ஒருசேர இறக்குகிறது. இரண்டு ப்ரீ-ஆம்ப்ளிஃபயர்களை மாற்றி மாற்றிக் கேட்பவர் 'இது கொஞ்சம் மெலிசா இருக்கு' என்பார். அதற்குச் சில்லின் தரம், வயரின் தரம் என்று எதையெதையோ காரணம் சொல்வார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979-ல் இதைப் பற்றி ஒலிப்பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். வளைவு பொது அளவாகிக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. அப்போதும் அச்சிலும் கடையிலும் இருந்த பல சர்க்யூட்டுகள் அந்த வளைவைச் சரியாகத் தரவில்லை என்று அவர் காட்டினார். வழக்கத்தில் உள்ள ஒவ்வோர் அமைப்புக்கும் சரியான சூத்திரங்களையும் கொடுத்தார். இன்று ஃபோனோ சர்க்யூட் வடிவமைப்பவர்கள் கையிலெடுக்கும் முதல் கட்டுரை அது.

ரிச்சி தெருவில் 36 நானோஃபாரட்

கணக்கு சரியாக வந்துவிட்டாலும் கடையில் ஒரு தடை காத்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் போய் 36 நானோஃபாரட் கெபாசிட்டர் கேட்டால் கிடைப்பது அரிது. உதிரிகள் 10, 12, 15, 18, 22, 27, 33 என்ற வரிசையில்தான் வருகின்றன. மூன்று 12 நானோஃபாரட்களை இணையாக வைத்தால் சரியாக 36 கிடைக்கும். 88.3 கிலோ ஓமுக்கு 82-ஐயும் 6.2-ஐயும் தொடராகக் கோத்தால் 88.2; அந்த வித்தியாசம் பொருட்டே அல்ல.

எண்ணைவிட வகைதான் முக்கியம். வட்ட வில்லைபோல மலிவாகக் கிடைக்கும் செராமிக் கெபாசிட்டர்களில் பல, சூட்டுக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப அளவு மாறுபவை. இங்கே பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஸ்டைரீன் வகை வேண்டும். சாதாரணமாகக் கிடைப்பவற்றில் அச்சிட்ட அளவுக்கும் உண்மை அளவுக்கும் 10 சதவீதம்வரை வித்தியாசம் இருக்கலாம். C1 அப்படிப் பத்து சதவீதம் குறைந்துபோனால் 150 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய அரை டெசிபல் ஏறிவிடும். அதுவும் இடது சேனலில் ஏறி வலதில் இறங்கினால், நடுவில் நிற்க வேண்டிய வீணை ஒரு பக்கமாக நகர்ந்து கேட்கும். அதனால் பழகியவர்கள் தேவைக்கு மேல் பத்துப் பதினைந்து வாங்கி, மீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, ஒத்துப்போகிறவற்றை ஜோடி சேர்ப்பார்கள்.

பெருக்கத்தின் அளவை ஐந்தாவது உதிரி ஒன்று தீர்மானிக்கிறது. உள்ளீட்டிலிருந்து தரைக்குப் போகும் சிறிய ரெசிஸ்டர் அது. அதை 200 ஓம் என்று வைத்தால் 1000 ஹெர்ட்ஸில் பெருக்கம் சுமார் 49 மடங்கு. சாதாரண காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் 5 மில்லிவோல்ட், கால் வோல்ட்டாக வெளியே வரும். இந்த அமைப்புக்கே உரிய ஒரு சின்னக் குறையும் உண்டு. இதன் பெருக்கம் ஒரு மடங்குக்குக் கீழே இறங்காது. வளைவோ இறங்கிக்கொண்டே போகச் சொல்கிறது. அதனால் 20,000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி வளைவைவிட 0.2 டெசிபல் அளவுக்கு மேலே நிற்கும். வெளியீட்டில் ஒரு சிறு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்த்து அதைச் சரிசெய்வது வழக்கம்.

கட்டி முடித்ததும் சோதிப்பது எப்படி? 5 மில்லிவோல்ட் தரும் சிக்னல் ஜெனரேட்டரும் மின்னழுத்தம் அளக்கும் கருவியும் போதும். 1000 ஹெர்ட்ஸில் 245 மில்லிவோல்ட் வந்தால், 100 ஹெர்ட்ஸில் அது 1.1 வோல்ட் வரை ஏற வேண்டும். 10,000 ஹெர்ட்ஸில் 50 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும். 100-ல் மட்டும் பிசகினால் முதல் ஜோடியைப் பார்க்க வேண்டும். 10,000-ல் மட்டும் பிசகினால் இரண்டாவது ஜோடியை. இரண்டும் 1000 ஹெர்ட்ஸோடு ஒட்டாமல் கீழே ஒரு பக்கமும் மேலே ஒரு பக்கமும் சாய்ந்திருந்தால் விகிதத்திலேயே பிழை.

அளவெல்லாம் சரியாக இருந்தும் உச்ச ஒலி மட்டும் கூர்மையாகக் குத்தினால் வளைவின்மேல் பழி போட வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜுக்குள் உள்ள சுருளும் வயரின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து தாமே ஒரு மூலையில் அதிரத் தொடங்கிவிடும். 500 மில்லிஹென்றி சுருளுக்கு 250 பைக்கோஃபாரட் வயர் சேர்ந்தால் அந்த அதிர்வு 14,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். வயரைக் குட்டையாக்கினால் அது காதுக்கு எட்டாத உயரத்தை நோக்கி நகரும்.

தூக்கும்போது கூடவே வருபவை

பேஸைத் தூக்குவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாட்டின் பேஸை மட்டும் பொறுக்கி எடுத்துத் தூக்க முடியாது. கார்ட்ரிட்ஜ் வயரில் நுழையும் கரண்ட் ஹம்மும் கூடவே எழும். நம் ஊர் மின்சாரம் துடிப்பது 50 ஹெர்ட்ஸில். அங்கே வளைவின் தூக்கல் ஏழு மடங்கு. டர்ன்டேபிளின் எர்த் வயரை இணைக்க மறந்தால் 'உம்ம்ம்' என்று வீடே முனகுவது அதனால்தான். தட்டின் நெளிசல் இன்னும் கீழே, 10 ஹெர்ட்ஸுக்கு அடியில் கிடந்து ஊசியை ஆட்டுகிறது. அது காதுக்குக் கேட்பதில்லை. ஆனால் ஸ்பீக்கரின் வலைத்துணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கூம்பு மூச்சு வாங்குவதுபோல் முன்னும் பின்னும் போய்வருவது தெரியும்.

3180 என்ற எண் இருப்பதே இதற்காகத்தான். அது மட்டும் இல்லாவிட்டால் தூக்கல் கீழே போகப் போகக் கூடிக்கொண்டே இருக்கும். தட்டின் ஒவ்வொரு நெளிசலும் பெரும் அலையாகிவிடும். 50 ஹெர்ட்ஸோடு தூக்கலை நிறுத்தி வைக்கிறது இந்த எண். அதுவும் போதாது என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1976-ல் நான்காவதாக 7950 மைக்ரோ நொடியைச் சேர்த்தது. கேட்கும்போது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைச் சரிக்கும் எண் அது. வெட்டும் பக்கத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லாததால் பாட்டின் நிஜமான அடித்த ஒலியும் கொஞ்சம் பறிபோனது. தயாரிப்பாளர்களில் பலர் அதைச் சேர்க்காமலே விட்டார்கள். பின்னால் ஆணையமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பாகவதரைக் கேட்கும்போது

மூன்று எண்களும் எல்.பி. காலத்துக்குரியவை. எம்.கே. தியாகராஜ பாகவதர் கோலோச்சிய 1930-களிலும் 40-களிலும் பாட்டு வந்தது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டுகளில். அவற்றில் பேஸைக் குறைத்திருப்பார்கள். ஆனால் மூலை பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸில் இருக்காது, அதற்குக் கீழே எங்காவது இருக்கும். ட்ரெபிளைக் கூட்டும் வழக்கமோ அக்காலத் தட்டுகள் பலவற்றில் இல்லை.

அப்படிப்பட்ட தட்டை இன்றைய ப்ரீ-ஆம்ப்ளிஃபயரில் போட்டால், கூட்டாத ட்ரெபிளை அது 75 மைக்ரோ நொடிக் கணக்குப்படி இறக்கித்தள்ளும். 5000 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் போய்விடும். 'ச', 'ஷ' எல்லாம் மழுங்கி, பாகவதர் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். கூடவே பேஸ் தேவைக்கு மேல் உப்பிக்கொண்டு வரும். பழைய தட்டென்றால் அப்படித்தான் இருக்கும் என்று பலர் அதையே நம்பியும்விடுகிறார்கள்.

பழைய தட்டுகளைச் சேமிப்பவர்கள் வைத்திருக்கும் ப்ரீ-ஆம்ப்ளிஃபயர்களில் அதற்கென்று தனிக் குமிழ்கள் உண்டு. பேஸ் மூலையை நகர்த்த ஒன்று, ட்ரெபிள் இறக்கத்தைக் கூட்டிக் குறைக்க அல்லது அடியோடு அணைக்க இன்னொன்று. இரண்டாவது குமிழை அணைத்ததும் அரக்குத் தட்டின் இரைச்சல் மழைபோல் கொட்டத் தொடங்கும். அந்த மழைக்கு நடுவே, கம்பளியை விலக்கிக்கொண்டு, குரல் முன்னால் வந்து நிற்கும்.